ஜெர்மனி வாடகை ஒப்பந்தம்: ஆன்லைனில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கட்டம் புரியவில்லை

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
வணக்கம். ஆறு மாதமாக ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை. இதுவரை நண்பர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் ஒரு இரண்டு அறை வீடு கிடைத்திருக்கிறது. வீட்டின் சொந்தக்காரர் ஒரு நிறுவனம். ஒப்பந்தத்தைக் காகிதத்தில் தரவில்லை, கையெழுத்துத் தளத்தின் இணைப்பு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாமே ஜெர்மன். மூன்று நாளில் இணைப்பு காலாவதி ஆகிவிடுமாம்.

உலாவியில் மொழிபெயர்ப்பைப் போட்டேன். பக்கத்து ஓரத்தில் இருக்கும் பொத்தான்கள் மட்டும் மாறுகின்றன. ஒப்பந்தப் பக்கங்கள் படமாக வருவதால் அப்படியே ஜெர்மனில் நிற்கின்றன. கைபேசி கேமராவை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். வாடகை விவரம் இது, மேலிருந்து வெறும் வாடகை, இதரச் செலவு, சூடாக்கும் செலவு, மொத்தம், டெபாசிட்:

```
Nettokaltmiete       820,00 €
Nebenkosten          160,00 €
Heizkosten            80,00 €
Gesamtmiete        1.060,00 €
Kaution            3.180,00 €
```

புள்ளியும் காற்புள்ளியும் நம் ஊருக்குத் தலைகீழ். முதலில் டெபாசிட் 3 யூரோ 18 சென்ட் என்று படித்துவிட்டு நானே சிரித்தேன்.

சிக்கல் இதற்குக் கீழே இருக்கும் `Kündigungsverzicht` என்ற கட்டத்தில். அதில் 24 Monate என்று ஏற்கெனவே நிரப்பியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மாற்றினால் 'வேய்வர் ஆஃப் நோட்டீஸ்' என்று வருகிறது. தமிழில் போட்டால் 'பணிநீக்கத் தள்ளுபடி' என்கிறது! 24 மாதம் நோட்டீஸ் கொடுக்காமலே காலி பண்ணலாம் என்று எடுத்துக்கொண்டேன். நல்லதுதானே? கையெழுத்துப் போட்டுவிடலாமா?

பாலவாக்கம்பாபு
தம்பி, எதற்கு 24 மாதம்? 11 மாதத்துக்குப் போடச் சொல்லுங்கள். 12 தாண்டினால் பதிவு செய்யணும், செலவு. சென்னையில் நான் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், எல்லாம் 11 மாதம்தான். ஆதார் ஓடிபி வைத்து ஈ-சைன் செய்தால் முடிந்தது.

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
சார், வீடு ஜெர்மனியில்.

கரிசல்காடு
செந்தில், நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். Kündigung என்றால் ஒப்பந்தத்தை முறிப்பது. Verzicht என்றால் விட்டுக்கொடுப்பது. 24 மாதம் காலி பண்ணும் உரிமையையே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தருகிறீர்கள்.

ஆனால் பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் வாடகைக்கு இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் 3 மாத நோட்டீஸில் கிளம்பலாம் என்பது சட்டம். அதற்கு எதிராக என்ன எழுதினாலும் செல்லாது. இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பதில் வருவதற்கு மூன்று பேரைக் காட்டினால் வீட்டுக்காரர் விட்டே ஆகணும். மியூனிக்கில் என் நண்பன் அப்படித்தான் வெளியே வந்தான். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

வன்னிமகள்
கண்ணை மூட வேண்டாம் தம்பி. நான் டோர்ட்முண்டில் வீட்டு நிர்வாக அலுவலகம் ஒன்றில் 11 வருடமாக வேலை செய்கிறேன். இந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்புவதே எங்களுடைய வேலைதான், ஆகையால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கரிசல்காடு சொன்ன முதல் பாதி சரி. 3 மாத நோட்டீஸும் பொதுவான சட்டம்தான். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து குறிப்பிட்ட காலத்துக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. முன்பே அச்சடித்த படிவத்தில் அதிகபட்சம் 4 வருடம் வரை நிற்கும். 24 மாதம் அதற்குள் அடங்கும். ஒரு மாணவருக்கு மட்டும் 2009இல் உச்ச நீதிமன்றமான பூண்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் இரண்டு வருடப் பூட்டைச் செல்லாது என்றது, படிக்கிறவருக்கு இடம் மாறும் சுதந்திரம் வேண்டும் என்பதற்காக. செந்தில் வேலை செய்பவர், அந்தத் தீர்ப்பு அவருக்கு உதவாது.

மூன்று பேரைக் காட்டும் கதையை எங்களிடம் மாதம் ஒருவராவது வந்து சொல்வார். அப்படி ஒரு சட்டம் இல்லை. உங்கள் நண்பரின் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அல்லது அடுத்தவரிடம் கூடுதல் வாடகை வாங்க முடிந்தது, அவ்வளவுதான்.

இனி செந்திலுக்கு. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். தளத்தில் கையெழுத்துக்கு முன்பே பிடிஎஃப் இறக்கலாம். இறக்கி, அந்தப் பத்தி முழுவதையும் நகலெடுத்து வேறு ஒரு ஜன்னலில் மொழிபெயருங்கள். கட்டத்துக்கான விளக்கம் பின்னால் § 3 அல்லது § 4 என்று எங்கோ இருக்கும். அந்த வாக்கியத்தை இங்கே போடுங்கள்.

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
அக்கா, நன்றி. வயிறு கலங்கிவிட்டது. அடுத்த வருடம் கம்பெனி என்னை பெர்லினுக்கு மாற்றலாம் என்று பேச்சு இருக்கிறது. இதுதான் அந்த வாக்கியம்:

```
Die Parteien verzichten wechselseitig für 24 Monate ab
Mietbeginn auf das Recht zur ordentlichen Kündigung.
Eine Kündigung ist erstmals nach Ablauf dieses Zeitraums
mit der gesetzlichen Frist zulässig.
```

வாடகை தொடங்கும் நாள், Mietbeginn, 01.10.2025.

வன்னிமகள்
நல்ல வேளை முழுதாகப் போட்டீர்கள். 24 மாதத்துக்கு இரண்டு பக்கமும் வழக்கமான நோட்டீஸ் உரிமையை விட்டுக்கொடுக்கிறது, அந்தக் காலம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் `nach Ablauf` என்று இருக்கிறது பாருங்கள். சில ஒப்பந்தங்களில் அதே இடத்தில் `zum Ablauf` என்று இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவி இரண்டையும் 'காலம் முடிந்ததும்' என்ற மாதிரித்தான் காட்டும். ஆனால் விளைவு வேறு.

zum என்றால், 24 மாதம் முடிகிற நாளிலேயே வெளியே போகும்படி நோட்டீஸை முன்கூட்டிக் கொடுக்கலாம். உங்கள் 24 மாதம் 30.09.2027இல் முடிகிறது. 2027 ஜூலை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் நோட்டீஸ் அவர்கள் கையில் சேர்ந்தால், செப்டம்பர் முடிவில் சாவியைக் கொடுத்துவிடலாம்.

nach என்றால், 24 மாதம் முடிந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்க முடியும். அக்டோபர் தொடக்கத்தில் கொடுத்தால் டிசம்பர் 31 வரை வாடகை. ஆக 27 மாதம். மூன்று மாத வாடகை கூடுதல், உங்கள் கணக்கில் 3.180 யூரோ.

இன்னொன்று, ordentlich என்ற சொல். வழக்கமான நோட்டீஸைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பூஞ்சை படர்ந்த வீடு போன்ற கடும் காரணம் இருந்தால் உடனடியாக முறிக்கும் உரிமை அப்படியே இருக்கும். வேலை மாற்றம் அந்தப் பட்டியலில் வராது.

அந்த 3.180ஐப் பார்த்ததும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. Kaution கட்டத்திலும் அதே தொகை. 1.060ஐ மூன்றால் பெருக்கியிருக்கிறார்கள். சட்டப்படி டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை, அதாவது மேலே உள்ள 820 மட்டும். தண்ணீர், குப்பை, சூடாக்கும் செலவுக்கான முன்பணம் இதில் சேராது. 820 × 3 = 2.460. 720 யூரோ அதிகமாகக் கேட்கிறார்கள். வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், யாரோ தவறான கட்டத்திலிருந்து கணக்கெடுத்திருக்கலாம். எங்கள் அலுவலகத்திலும் ஒரு தடவை நடந்தது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டியதும் இல்லை. மூன்று சம மாதத் தவணை உங்கள் உரிமை, முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போது.

இனிஷியல்_இல்லாதவன்
எல்லோரும் பணத்தைப் பார்க்கிறீர்கள், நான் மாட்டியது பெயர்க் கட்டத்தில். என் இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. முழுப் பெயரும் கிவன் நேமில். தளத்தில் `Nachname` கட்டாயம், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. அப்பா பெயரைப் போட்டேன். கீழே `Geburtsname` என்று கேட்டது, பிறந்தபோது வைத்த பெயர்தானே என்று என் பெயரை மறுபடி போட்டேன்! அது திருமணத்துக்கு முன்பிருந்த குடும்பப் பெயராம்.

அப்புறம் வீடியோவில் அடையாளம் காட்டும்போது அந்த அம்மா பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாய்த்துக் காட்டச் சொன்னார், கடைசியில் பெயர் பொருந்தவில்லை என்று துண்டித்துவிட்டார். எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு நண்பருக்கு வீடியோ இல்லாததால் கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் தந்த குடியிருப்புச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர். முகவரிப் பதிவுக்குப் போன இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு இரண்டு வாரம்தான் அவகாசம் என்பது வேறு.

விசா ஸ்டிக்கரிலோ ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டிலோ ஜெர்மன்காரர்கள் உங்கள் பெயரை எப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார்களோ அதையே போடுங்கள். எனக்குப் பலித்தது அதுதான்.

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
என் கார்டில் முழுப் பெயரும் Nachname இடத்தில் இருக்கிறது. அப்படியே போட்டுவிடுகிறேன்.

எனக்கு வீடியோ எதுவும் வரவில்லை. கையெழுத்துப் பக்கத்தில் கைபேசிக்கு ஒரு எண் அனுப்புவோம் என்று மட்டும் இருக்கிறது.

கரிசல்காடு
அப்படியானால் இதோ பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கட்டிப்போடும் வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்கணும் என்று ஜெர்மன் சிவில் சட்டமான BGB § 550 சொல்கிறது. எழுத்து வடிவம் என்றால் பேனாக் கையெழுத்து, அல்லது தகுதிபெற்ற மின்கையெழுத்து, திரையில் `qualifizierte elektronische Signatur` என்று வரும். எஸ்எம்எஸ் எண் போட்டு விரலால் கிறுக்குவது அதில் சேராது. எனவே 24 மாதப் பூட்டு பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள், வேண்டும்போது கிளம்புங்கள். இந்தத் தடவை நான் சொல்வது சரிதானே அக்கா?

வன்னிமகள்
இந்தத் தடவை பெரும்பகுதி சரி 🙂 கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 2025இலிருந்து இந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள், வீட்டு வாடகைக்குத் தளர்த்தவில்லை. ஆனால் மூன்று விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

முதலாவது, எஸ்எம்எஸ் எண்ணை வைத்து மட்டும் எந்த வகைக் கையெழுத்து என்று சொல்ல முடியாது. சில தளங்களில் ஒரு தடவை பாஸ்போர்ட் காட்டி அடையாளம் பதிந்திருந்தால் அடுத்த தடவை எண் மட்டும் போதும். செந்தில் எங்கேயும் அடையாளம் காட்டவில்லை என்றால் சாதாரண வகையாகத்தான் இருக்கும். முடிந்த பிடிஎஃப்பைத் திறந்தால் கையெழுத்துப் பலகையில் தெரியும். கையெழுத்துக்கு முன்பு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, எழுத்து வடிவம் தவறினாலும் ஒப்பந்தமே இல்லாமல் போகாது. காலம் குறிக்காத ஒப்பந்தமாக மாறும், அப்போதும் வீடு கையில் கிடைத்து ஒரு வருடம் முடிவதற்குள் வெளியே போக முடியாது. அடுத்த வருடம் நடுவில் பெர்லின் போக வேண்டி வந்தால் இது உதவாது.

மூன்றாவது, பூட்டு பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்ல, அவர்கள் இல்லை என்று சொல்ல, நடுவில் டெபாசிட் அவர்கள் கையில். நான் அலுவலகப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். சரியான பக்கத்தில் இருப்பவரும் எட்டு மாதம் கடிதம் எழுதிக் களைத்துப்போவார். மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

கரிசல்காடு
கேட்டால் வீடு அடுத்தவனுக்குப் போய்விடும் அக்கா. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? நான் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிற கட்சி.

வன்னிமகள்
போகலாம். அந்தப் பயம் நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. டெபாசிட்டைப் பொறுத்தவரை அப்படிச் சண்டை போடலாம், அதிகமாக வாங்கியது எப்படியும் செல்லாது. பூட்டுக் காலத்தில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போக மாட்டேன்.

மதுமிதா_ஆகன்
நான் மாணவி, எனக்கு வந்த படிவத்தில் இரண்டு வருடப் பூட்டு இருக்கிறது. மாணவர் விடுதி அறை இல்லை, சாதாரண வீட்டில் ஒரு அறை. அந்த 2009 தீர்ப்பு எனக்கு வருமா?

வன்னிமகள்
அந்த வழக்கும் படிக்கும் ஊரில் எடுத்த அறை பற்றியதுதான். ஆனால் உங்களுடைய படிவத்தைப் பார்க்காமல் நான் ஆம் என்று சொல்ல மாட்டேன். ஆகனில் மீட்டர்ஃபெரைன் இருக்கிறது, வாடகைக்காரர் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள். கையெழுத்துக்கு முன்பு போங்கள்.

செந்தில், கடைசிப் பக்கத்தில் டிக் போடும் பெட்டிகள் ஏதும் இருக்கின்றனவா?

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
மூன்று இருக்கின்றன. தரவுப் பாதுகாப்பு ஒன்று, வீட்டு விதிகளைப் பெற்றேன் என்று ஒன்று. மூன்றாவதில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறது:

```
[x] Der Mieter hat die Wohnung vor Vertragsschluss besichtigt.
```

வீட்டை நேரில் பார்க்கவில்லை. அவர்கள் வீடியோவில் சுற்றிக் காட்டினார்கள். அப்புறம் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அந்தப் பக்கம் போனபோது உள்ளே பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

வன்னிமகள்
அந்த டிக்கை எடுங்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே வாடகைக்காரர் வீட்டைப் பார்வையிட்டார் என்று அதில் எழுதியிருக்கிறது, நீங்கள் நேரில் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் நிறுவனமாக இருந்து, ஒப்பந்தம் முழுவதும் மின்னஞ்சல், இணையம் வழியாகவே முடிந்து, வீட்டையும் நீங்கள் பார்க்காமல் இருந்தால், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் பின்வாங்கும் உரிமை உண்டு. முன்பே பார்த்திருந்தால் அந்த உரிமை இல்லை. டிக் அப்படியே இருந்தால், நீங்கள் பார்த்தீர்கள் என்று அவர்கள் அதைக் காட்டி வாதாடலாம்.

வீடியோவில் பார்த்ததை நேரில் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது எங்கள் அலுவலக வழக்கறிஞரின் கருத்து.

இனிஷியல்_இல்லாதவன்
கூட வேலை செய்பவர் போய்ப் பார்த்தாரே, அது? செந்திலுக்காகத்தானே போனார்?

வன்னிமகள்
அதுதான் இடிக்கிறது. செந்தில் அனுப்பிப் போனாரா, தானாகப் போனாரா என்று கேள்வி வரும். பிரதிநிதியாகப் போனார் என்று அவர்கள் வாதாடலாம். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் நடக்காத ஒன்றுக்கு டிக் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மாற்றம் கேட்பதற்காகத் தளத்தில் `Ablehnen` என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அது மறுப்பு, அந்த ஆவணமே எல்லோருக்கும் மூடிவிடும், சிலர் அதை 'வேண்டாம் என்று சொல்லிவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இணைப்பை அப்படியே விட்டுவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள்.

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
(நான்கு நாள் கழித்து)
எழுதினேன். மூன்றே விஷயம்: டெபாசிட் 2.460, மூன்று தவணையில். பூட்டு 12 மாதம், `zum Ablauf` என்ற வார்த்தையோடு. மூன்றாவது பெட்டியில் டிக் வேண்டாம். அடுத்த நாளே பதில். டெபாசிட் தவறுதான், மன்னிக்கவும் என்றார்கள். 12 மாதத்துக்கும் ஒத்துக்கொண்டார்கள். வீடு பறிபோகவில்லை கரிசல்காடு!

புது இணைப்பு வந்தது. பழையதைத் திறந்தால் `storniert`, அதாவது ரத்து என்று காட்டியது. மாற்றிவிட்டார்களே என்று நேராகக் கையெழுத்துக்குப் போயிருப்பேன், ஆனால் முதலிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மறுபடி பார்த்தேன். டெபாசிட் சரி. பெட்டி காலி. பூட்டுக் கட்டத்தில் 12 Monate. ஆனால் பின்னால் § 4இல் பழைய `nach Ablauf` அப்படியே இருந்தது. எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மறுபடி எழுதினேன், மூன்றாவது இணைப்பு வந்தது. நேற்று இரவு கையெழுத்துப் போட்டேன். பிடிஎஃப்பைத் திறந்து பார்த்ததில் சாதாரண வகைக் கையெழுத்துதான்.

வன்னிமகள்
நல்லது தம்பி. zum Ablauf என்று 12 மாதத்தோடு நிற்பதால் ஒரு வருடத்துக்கு மேல் போகவில்லை, அந்த எழுத்து வடிவச் சண்டைக்கே இனி இடமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காலி பண்ணும் நோட்டீஸை இதே தளத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் செல்லாது. காகிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டு, 2026 ஜூலை மூன்றாவது வேலை நாளுக்குள் அவர்களிடம் சேர வேண்டும்.

பாலவாக்கம்பாபு
அதெல்லாம் சரி, ஸ்டாம்ப் பேப்பர் எத்தனை யூரோவுக்கு வாங்கினீர்கள்?

செந்தில்_லுட்விக்ஸ்பர்க்
இங்கே வாடகைக்கு ஸ்டாம்ப் பேப்பரே கிடையாது சார்.

பாலவாக்கம்பாபு
அப்படியா! அப்போ நான் ஒரு வீடு அங்கே வாங்கணும்.